கார்ட்டன் தீர்ந்துபோன நான்கு முறை

மார்த்தாண்டம் பக்கம் ஒரு முந்திரி ஆலையின் கிடங்கில் ஒன்பது வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். பருப்பு தயாராக இருக்கும், கண்டெய்னர் வாசலில் வந்து நிற்கும், ஆனால் அடைக்கக் கார்ட்டன் இருக்காது. ஒரே வருடத்தில் இப்படி நான்கு முறை. திட்டு எப்போதும் கிடங்குக்குத்தான். ஆர்டர் போடுவது பர்ச்சேஸ், எப்போது போட வேண்டும் என்பதை முடிவு செய்வது பிளானிங், ஆனால் காலி ரேக் முன்னால் நிற்பது நாம்.

அந்த வருடம்தான் படிக்கலாம் என்று முடிவு செய்தேன். கிடங்கு ஆள் என்றால் லாஜிஸ்டிக்ஸ் சான்றிதழான சி.எல்.டி.டி.யைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். நல்ல பாடம்தான், ஆனால் அது கிடங்கையும் போக்குவரத்தையும் இன்னும் ஆழமாகக் கற்றுத்தரும், நான் போக நினைத்ததோ மேசையின் அந்தப் பக்கம். கொள்முதலுக்கான சி.பி.எஸ்.எம். சான்றிதழுக்குப் பட்டதாரி என்றால் மூன்று வருடம், இல்லையென்றால் ஐந்து வருடம், சப்ளை மேனேஜ்மென்ட் அனுபவம் காட்ட வேண்டும், அதிலும் எழுத்தர் வேலையும் உதவி வேலையும் கணக்கில் வராது. சரக்கு வாங்கி வைத்த என் வருடங்களை அதில் எப்படிக் காட்டுவது? அப்புறம்தான் ஏ.எஸ்.சி.எம். என்ற அமைப்பு நடத்தும் சீபிம் சான்றிதழ் பக்கம் போனேன். முன் அனுபவம் கேட்பதில்லை, பாடம் முழுக்கத் திட்டமிடலும் இருப்பும்தான்.

படிக்கும்போது என்னை நிறுத்தி வைத்த இடம் பாதுகாப்பு இருப்பு, அதாவது சரக்கு தாமதமானாலும் செலவு கூடினாலும் சமாளிக்கக் கூடுதலாக வைக்கும் இருப்பு. எங்கள் கணினியில் கார்ட்டனின் ரீஆர்டர் லெவல், அதாவது இருப்பு எவ்வளவுக்கு இறங்கினால் அடுத்த ஆர்டர் போட வேண்டும் என்ற அளவு, 1,250 என்று இருந்தது. யார் போட்டது, எந்தக் கணக்கில் போட்டது என்று யாருக்கும் தெரியாது. நான் அந்த வருடத்து பன்னிரண்டு ஆர்டருக்கும் பி.ஓ. போட்ட தேதிகளையும், சரக்கு வந்ததும் போடும் ஜி.ஆர்.என். தேதிகளையும் எடுத்து, ஞாயிறு கழித்து, எத்தனை வேலை நாளில் சரக்கு வந்தது என்று எழுதினேன்: 7, 7, 8, 8, 8, 9, 9, 10, 11, 12, 15, 16. சராசரி 10 நாள். எக்செல்லில் `STDEV.S` போட்டால் ஏற்ற இறக்கம் சுமார் 3 நாள். ரேக்கில் வரவு செலவு குறிக்கும் பின் கார்டில் பார்த்தால் ஒரு நாள் செலவு சராசரி 120 கார்ட்டன், அதில் ஏற்ற இறக்கம் 20. 1,250 கார்ட்டன் பத்து நாளைக்குத்தான் தாங்கும். 11, 12, 15, 16 நாள் ஆன அந்த நான்கு முறையும்தான் கண்டெய்னர் காத்திருந்தது!

பாடத்தில் உள்ள சூத்திரம் இது:

```
பாதுகாப்பு இருப்பு = 1.65 × √(10×20² + 120²×3²)
                  = 1.65 × √(4,000 + 1,29,600)
                  ≈ 603
```

1.65 என்பது நூறு ஆர்டரில் தொண்ணூற்றைந்து முறை தட்டுப்பாடு வராமல் இருக்க எடுக்கும் எண். பத்து நாள் செலவு 1,200, அதோடு 603, ஆக ரீஆர்டர் லெவல் சுமார் 1,800. பதில் என்னவோ இதுதான், ஆனால் வேர்க்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். செலவு கூடிக் குறைவதால் வருவது 4,000, சப்ளையர் தேதி தவறுவதால் வருவது 1,29,600. கார்ட்டனைக் கூட வாங்கி அடுக்குவது இதற்கு மருந்தே இல்லை என்று அந்த ராத்திரி புரிந்தது.

மறுநாள் சிவகாசியில் இருக்கும் எங்கள் கார்ட்டன் சப்ளையருக்கு போன் போட்டேன். "அண்ணாச்சி, ஒரு தடவை ஏழு நாள்ல வருது, ஒரு தடவை ரெண்டு வாரம் ஆகுது, ஏன்?"

"உங்க சரக்கு அரை லாரிதான் வரும் சார். நாகர்கோவில் பக்கம் இன்னொரு பார்ட்டி சேர்ந்தாதான் வண்டி கட்டுபடி ஆகும்."

ஒன்பது வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. பர்ச்சேஸில் பேசி, எங்கள் ஆர்டர் இருக்கும் வாரம் செவ்வாய்க்கிழமை வண்டி கட்டாயம் கிளம்ப வேண்டும், கூடுதல் வாடகையில் ஒரு பங்கு நாங்கள் தருகிறோம் என்று முடிவானது. சராசரி 8 நாள், ஏற்ற இறக்கம் 1 நாள் என்று வந்துவிட்டால் பாதுகாப்பு இருப்பு 219, ரீஆர்டர் லெவல் 1,180தான். பழைய 1,250ஐவிடக் குறைவு.

தேர்வில் இந்த அலைச்சல் எதுவும் வராது. அங்கே எண்களைத் தந்துவிடுவார்கள், நாம் சூத்திரத்தைத் தேர்ந்தால் போதும், பதிலும் பாடநூல் சொல்கிற மாதிரிதான் இருக்க வேண்டும். நம் ஆலையில் இப்படித்தான் செய்வோம் என்று யோசித்து நான் தவறவிட்ட மாதிரிக் கேள்விகள் நிறைய.

பிளானர் வேலை நேர்காணலில் சான்றிதழைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது. அந்தப் பன்னிரண்டு எண்கள் இருந்த தாளை நீட்டியதும் மீதி நேரம் முழுக்க அதைப் பற்றியே பேச்சு. கடைசியில் அந்த மேனேஜர், "மழை மாசத்துக்கும் 1,180 போதுமா?" என்று கேட்டார். போதாது. அந்த 15 நாள் ஆனது ஐப்பசி மழையில், அட்டை நனையும் என்று லோடு ஏற்றாமல் வைத்திருந்தார்கள், அதை வண்டிக் கிழமை சரிசெய்யாது. ஐப்பசி, கார்த்திகைக்கு மட்டும் நான்கு நாள் செலவைக் கூட்டி 480 கார்ட்டன் அதிகம் வைப்பேன், மார்கழியில் இறக்கிவிடுவேன் என்றேன். அவர் அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.