குறட்டையோடு நின்றுவிட்டேன்

மெடிசின் பிராக்டிகலில் எனக்கு வந்த லாங் கேஸ், குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு வந்திருந்த 52 வயது அம்மா. உயரம் 158 செ.மீ., எடை 102 கிலோ, பிஎம்ஐ 41. கால் வீக்கம். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. "ராத்திரி குறட்டை விட்டுக்கிட்டே இருப்பா, திடீர்னு சத்தமே நின்னுடும். எனக்குத் தூக்கமே வராது மேடம்" என்றார் கணவர். எனக்கு அது போதுமானதாக இருந்தது. தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா என்று சொல்லிவிட்டேன்.

எக்ஸாமினர் ஏபிஜி தாளை, அதாவது தமனி ரத்தத்தில் வாயுக்களை அளந்த ரிப்போர்ட்டை, நீட்டினார். பகலில், விழித்திருக்கும்போது எடுத்தது. பிஎச் 7.37, கார்பன் டை ஆக்சைடு 56, பைகார்பனேட் 31. "வெறும் ஆப்னியான்னா பகல்ல ஏம்மா இது 56?"

அங்கேதான் மாட்டினேன். வெறும் ஆப்னியாவில் தொண்டை அடைபடும்போது கார்பன் டை ஆக்சைடு ஏறும், திறந்ததும் நாலு பெருமூச்சில் வெளியேறிவிடும். அன்றன்றைக்குத் தண்டல் கட்டுவது மாதிரி. காலையில் கணக்கு நேராகிவிடும். இந்த அம்மாவுக்கு இருந்த ஒபிசிட்டி ஹைப்போவென்டிலேஷனில், அதாவது உடல் பருமனால் பகலிலும் மூச்சு போதாமல் போகும் நோயில், கட்ட முடிவதில்லை. மார்பிலும் வயிற்றிலும் உள்ள கொழுப்பு உதரவிதானத்தை அழுத்துகிறது, அடைப்புக்கு நடுவே கிடைக்கும் மூச்சும் போதவில்லை. மீதியைச் சமாளிக்கச் சிறுநீரகம் பைகார்பனேட்டைப் பிடித்து வைக்கிறது. அதைப் பகலில் முழுக்க வெளியேற்றுவதற்குள் அடுத்த ராத்திரி வந்துவிடும்.

மூளையின் மூச்சு மையம் முக்கியமாக உணர்வது அமிலத்தை. பைகார்பனேட் அதை மட்டுப்படுத்திவிடுவதால், 56 இருந்தும் பிஎச் கிட்டத்தட்ட நார்மல். மையத்துக்கு அவசரம் தெரிவதில்லை. லெப்டினுக்கு மூளை சரியாகப் பதில் தராததும் இந்த மந்தத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இவர்களில் பலரை வேண்டுமென்றே வேகமாக, ஆழமாக மூச்சுவிடச் சொன்னால் கார்பன் டை ஆக்சைடு இறங்கும். மார்பால் முடிகிறது, மூளைதான் கேட்பதில்லை.

பிஎம்ஐ 30-ம் அதற்கு மேலும், விழித்திருக்கையில் கார்பன் டை ஆக்சைடு 45-க்கு மேல், நுரையீரல், நரம்பு, தசை நோய் மாதிரி வேறு காரணம் இல்லை. இதுதான் ஒபிசிட்டி ஹைப்போவென்டிலேஷனின் வரையறை. இவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு ஆப்னியாவும் உண்டு. அதனால் ஆப்னியாவைக் கண்டுபிடித்ததும் கேள்வி முடிந்துவிடாது. நான் செய்த தப்பு அதுதான்.

சந்தேகம் லேசாக இருந்தால் முதலில் சீரம் பைகார்பனேட் பாருங்கள். 27-க்குக் கீழே என்றால் இந்த நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. மேலே என்றால் ஏபிஜி. இந்த அம்மா மாதிரி சந்தேகம் பலமாக இருந்தால் நேராக ஏபிஜிதான். இன்னொன்று, கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடு சாப்பிட்டாலும் பைகார்பனேட் ஏறும். மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், நான் கேட்கவில்லை.

கடைசிக் கேள்வி: "சாச்சுரேஷன் 88. ஆக்சிஜன் மட்டும் வைக்கலாமா?" தனியாக வேண்டாம் சார், மூச்சு இன்னும் குறைந்து கார்பன் டை ஆக்சைடு ஏறலாம், மாஸ்க் வழியாக அழுத்தக் காற்று வேண்டும் என்றேன். "சிபாப்பா, பைபாப்பா?" நிலையாக இருந்து ஆப்னியாவும் கடுமையாக இருந்தால் ஒரே அழுத்தம் தரும் சிபாப், பிஎச் விழுந்து மயக்கம் வந்தால் மூச்சை இழுக்கும்போது கூடுதல் அழுத்தம் தரும் பைபாப் என்றேன். அவர் தாளை மடித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.