மீன் வறுவலில் பிரெட் தூள் கழன்று போகாமல் இருக்க: ஆவணி முதல் ஐப்பசி வரை செய்து பார்த்தது

எங்கள் வீடு திருவாரூர் பக்கம். நாகப்பட்டினத்திலிருந்து காலையில் வரும் மீனில் கொடுவா கிடைத்தால் அன்றைக்குக் குழம்பு, வறுவல் இரண்டுமே உண்டு. ஆவணி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான மிளகாய்த்தூள் வறுவலை விட்டுவிட்டு, கல்யாண விருந்தில் சாப்பிட்ட மாதிரி மைதா, முட்டை, பிரெட் தூள் என்று மூன்றிலும் புரட்டிப் பொரிக்கலாம் என்று ஆரம்பித்தேன். எண்ணெயில் போட்டபோது அழகாகத்தான் இருந்தது. தட்டில் வைத்து விண்டால், பிரெட் தூள் கோட்டிங் முழுவதும் ஒரு கூடு மாதிரி தனியாகக் கழன்று வந்தது. உள்ளே மீன் ஈரமாக, நிறமே மாறாமல், அவித்த மீன் போல இருந்தது. என் பையன் கூட்டை மட்டும் தின்றுவிட்டு மீனை ஒதுக்கினான்.

அன்றைக்கு நான் செய்தது இதுதான். மீனில் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு பிசறி அரை மணி நேரம் ஊற வைத்தேன். எங்கள் வீட்டு வறுவலுக்கு எப்போதும் அப்படித்தான். ஊறிய மீனை அப்படியே மைதாவில் புரட்டினேன். மசாலா ஈரத்தில் மாவு திட்டுத் திட்டாக அப்பியது. நன்றாகப் பிடித்திருக்கிறது என்று நினைத்து, அதன் மேலேயே முட்டை, பிரெட் தூள் என்று போய்விட்டேன்.

அத்தை பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "மீனைத் துணியில ஒத்தி எடுத்தியாம்மா?" இல்லை. உப்பும் எலுமிச்சையும் சேர்ந்தால் மீன் தண்ணீர் விடும். அரை மணி நேரத்தில் அந்தத் தட்டின் அடியில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் நின்றது, அதை நானே கொட்டியிருக்கிறேன். அந்த ஈரம் எண்ணெயில் ஆவியாகி, வெளியே வர வழி தேடி, கோட்டிங்கை மீனை விட்டுத் தள்ளிவிடுகிறது.

அடுத்த வாரமே திரும்பச் செய்திருப்பேன். அதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. வீட்டில் மீனும் இல்லை, முட்டையும் இல்லை. அந்த மாதம் முழுவதும் உருளைக்கிழங்கு கட்லெட்டில் கை பழகினேன். முட்டைக்குப் பதில் மூன்று ஸ்பூன் மைதாவைத் தண்ணீரில், தோசை மாவைவிட நன்றாகத் தளரக் கரைத்துக்கொண்டேன். கட்லெட்டுக்கு அதுவே போதும்.

கட்லெட்டில் வந்த சிக்கல் வேறு மாதிரி. கோட்டிங் கழலவில்லை, வெடித்தது. பொரியும்போது ஓரத்தில் ஒரு கீறல் விழும், அதன் வழியே கிழங்கு எண்ணெயில் கரைந்து கறுத்துவிடும். இரண்டு தடவை ஒரு கடாய் எண்ணெய் இப்படி வீணானது. காரணம் இங்கேயும் ஆவிதான். கிழங்கைத் தோலுரித்து நறுக்கி வேக வைத்தால் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. சூடாக மசித்த உடனே தட்டிப் புரட்டினால் உள்ளே இருக்கும் ஆவி வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது. முழுக் கிழங்கைத் தோலோடு வேக வைத்து, சுடச்சுட உரித்து மசித்து, அகலமான தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டேன். காரட், பட்டாணியை எண்ணெயில் வதக்கித் தண்ணீர் சுண்டிய பிறகே சேர்த்தேன். தட்டும்போது ஓரத்தில் வெடிப்பு தெரிந்தால் விரலால் வழித்து மூடினேன். அந்த வெடிப்புதான் எண்ணெயில் வாய் திறக்கிறது. எண்ணெய் நன்றாகக் காயவும் வேண்டும். கட்லெட்டில் எல்லாமே ஏற்கெனவே வெந்ததுதான், மேலே சிவந்தால் போதும். எண்ணெய் காயாமல் போட்டால் ஐந்து நிமிடம் கிடந்து, உள்ளே கொதி வந்து வெடிக்கும். நன்றாகக் காய்ந்த எண்ணெயில் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

ஐப்பசி பிறந்ததும் மீனுக்குத் திரும்பினேன். மீன்கார அக்கா, "கொடுவா தோலை உரிச்சுத் தரவா தங்கச்சி?" என்று கேட்டார். அதுவரை தோலோடுதான் வாங்கியிருந்தேன். யோசித்துப் பார்த்தால், ஆவணியில் கோட்டிங் முதலில் கழன்றது தோல் பக்கம்தான். தோல் வழுவழுப்பானது, மாவு பிடிக்க அதில் சொரசொரப்பு இல்லை. பொரியும்போது சுருங்கவும் செய்கிறது. தோலும் நடுமுள்ளும் எடுத்த சதை அரைக் கிலோ வாங்கி, ஒரு விரல் தடிப்பில் எட்டுத் துண்டு போட்டேன்.

இந்தத் தடவை காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று எட்டையும் இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டேன். எல்லாத் துண்டுக்கும் உப்பு, மஞ்சள்தூள் மட்டும் தடவிக் கால் மணி நேரம் வைத்து, விட்ட தண்ணீரைப் பருத்தித் துணியில் ஒத்தி எடுத்தேன். எலுமிச்சை கிடையாது, அதைச் சாப்பிடும்போது பிழிந்துகொள்ளலாம். மிளகாய்த்தூளை மைதாவில் கலந்தேன். அது கோட்டிங்குக்குள்ளே இருப்பதால் எண்ணெயில் கருகுவதில்லை என்பது கூடுதல் லாபம்.

முதல் ஜோடிக்கு மாவே இல்லை, முட்டையில் தோய்த்துப் பிரெட் தூளில் புரட்டினேன். இரண்டாவது ஜோடிக்கு மாவைத் தாராளமாக அப்பி, தட்டாமல் முட்டையில் போட்டேன். மூன்றாவது ஜோடிக்கு மாவில் புரட்டி, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, மீனின் நிறம் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சாக விட்டேன். நான்காவது ஜோடியும் அப்படியேதான், ஆனால் புரட்டி முடித்து ஃபிரிட்ஜில் இருபது நிமிடம் வைத்தேன். நால்வகையையும் ஒரே கடாயில், ஒரே சூட்டில், ஒன்றன் பின் ஒன்றாகப் பொரித்தேன்.

மாவில்லாத ஜோடியில் முட்டை மீன்மேல் நிற்கவே இல்லை, வழிந்து இறங்கியது. பொரித்த பிறகு கோட்டிங் சில இடத்தில் மட்டும் ஒட்டி, சில இடத்தில் மொட்டையாக இருந்தது. இரண்டாவது ஜோடி வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. கத்தியால் கோட்டிங்கைத் தூக்கினால் அடியில் வெள்ளையாக, வேகாத மாவு ஒரு படலமாக இருந்தது. ஆவணியில் நடந்தது இதுதான் என்று அப்போது புரிந்தது. மாவு மீனின் ஈரத்தையும் பிடிக்க வேண்டும், முட்டையையும் பிடிக்க வேண்டும். தடிப்பாக இருந்தால் மீன் பக்கத்து மாவு மீனோடு ஒட்டுகிறது, வெளிப்பக்கத்து மாவு முட்டையோடு ஒட்டுகிறது, நடுவில் இருக்கும் மாவு எதோடும் ஒட்டாமல் உலர்ந்தே கிடக்கிறது. கழலுவது அந்த நடுவில்தான்.

மூன்றாவது ஜோடியில் கோட்டிங் கழலவில்லை, விண்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் உதிர்ந்தது. நான்காவதில் கத்தியை விட்டுத் தூக்கினால் மீன் சதையும் சேர்ந்து கிழிந்து வந்தது. சரியாகப் பிடித்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. இருபது நிமிடத்தில் மாவு மீதி ஈரத்தைக் குடித்துப் பசையாகிவிடுகிறது, முட்டையும் பிரெட் தூளுக்குள் ஊறிவிடுகிறது. பிறகு எண்ணெயில் விழுந்ததும் முட்டை இறுகி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது.

முட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு முட்டைக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு, வெள்ளைக்கரு நூல் நூலாக நிற்காதபடி நன்றாக அடிக்க வேண்டும். நான் வடிகட்டியில் வடித்துவிடுகிறேன். வெள்ளைக்கரு திரண்டு நிற்கும் துண்டில் ஒரு பக்கம் கட்டியாகவும் மறுபக்கம் ஒன்றுமில்லாமலும் போய்விடும். மாவுக்கும் பிரெட் தூளுக்கும் ஒரு கை, முட்டைக்கு மறு கை. ஒரே கையால் செய்தால் மூன்றாவது துண்டுக்குள் விரலெல்லாம் மாவு உருண்டை, அது மீனிலிருந்து பூச்சைப் பிய்த்துக்கொண்டு போகும்.

பிரெட் தூளில்தான் ஐப்பசி மழை விளையாடியது. முந்தின வாரம் அரைத்து டப்பாவில் வைத்தது நமுத்துப் போயிருந்தது. கையில் பிடித்தால் உதிரவில்லை, கொழுக்கட்டை மாதிரி நின்றது. அந்தத் தூள் மீனில் திட்டாக அப்பும், மொறுமொறுப்பும் வராது. வெறும் கடாயில் சிறு தீயில் நிறம் மாறாமல் வறுத்து, முழுவதும் ஆறியபின் எடுத்துக்கொண்டேன். அடைமழைக் காலத்தில் இது ஒவ்வொரு தடவையும் தேவைப்படுகிறது. ஒருநாள் பிரெட் இல்லையென்று ரஸ்க்கைப் பொடித்துப் போட்டேன். ரஸ்க்கில் சர்க்கரை இருப்பதால் மீன் வேகுமுன்பே கறுக்கத் தொடங்கியது. கட்லெட்டுக்குச் சரி, மீனுக்கு வேண்டாம்.

எண்ணெய்க்கு ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கியிருக்கிறேன். மீனுக்கு 170 டிகிரி, கட்லெட்டுக்கு 180. அது இல்லாதபோது ஒரு சிட்டிகை பிரெட் தூளைப் போட்டுப் பார்ப்பேன். உடனே நுரைத்து, முக்கால் நிமிடத்தில் பொன்னிறமானால் போடலாம். அடியிலேயே கிடந்தால் இன்னும் காயவில்லை, போட்டதும் கறுத்தால் அடுப்பைக் குறைக்க வேண்டும். மூன்று துண்டுக்கு மேல் ஒரே சமயத்தில் போட்டால் சூடு இறங்கிவிடுகிறது. முதல் ஒரு நிமிடம் ஜல்லிக்கரண்டியால் தொடவே கூடாது, முட்டை இறுகுவதற்குள் அசைத்தால் எவ்வளவு நன்றாகப் புரட்டியிருந்தாலும் உதிரும். பிறகு ஒரே ஒரு தடவை திருப்பினால் போதும். ஒரு விரல் தடிப்புத் துண்டுக்கு மொத்தம் நாலு நிமிடம். எடுத்ததைப் பேப்பரில் அடுக்கினால் அடிப்பக்கம் வியர்த்து ஊறிவிடுகிறது. கம்பித் தட்டில் ஒன்றோடொன்று படாமல் வைக்கிறேன்.

தீபாவளிக்கு அடுத்த நாள் நாத்தனார் வீட்டார் வருவதாக இருந்தது. வந்தபின் அடுப்படியில் நிற்க வேண்டாமே என்று காலையிலேயே எல்லாவற்றையும் புரட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். கட்லெட்டுகள் மாலை வரை அப்படியே இருந்தன, பொரித்தபோது ஒன்றுகூட வெடிக்கவில்லை. மீன் நாலு மணி நேரத்தில் மறுபடி தண்ணீர் விட்டிருந்தது. அடிப்பக்கத்துப் பிரெட் தூள் நனைந்து தட்டோடு ஒட்டி, எடுக்கும்போது பிய்ந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி பிரெட் தூளில் அழுத்தித்தான் பொரித்தேன். அதிலிருந்து, மீனை இருபது நிமிடத்துக்கு முன்னால் புரட்டுவதில்லை. கட்லெட் மட்டும் காலையிலேயே தயாராகிவிடுகிறது.