எப்பவும் ஒரு பாலம் வேணும்னா எவ்வளவு ஆகும்?

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவுல ஒரு மீனவ ஊர், பேரு வேண்டாம். ஊருக்கும் கரைக்கும் குறுக்க ஒரு ஓடை கடல்ல விழுற முகத்துவாரம் இருக்கு, அதுக்கு மேல மூணு கண்ணு வச்ச சின்ன பாலம். நண்டு, கணவாய், ஐஸ் பெட்டி எல்லாமே அந்த பாலத்து வழியாத்தான் லோடு ஆட்டோல ஏறி வரணும். பழைய பாலத்த இடிச்சிட்டு புதுசு கட்ட 2009-ல எஸ்டிமேட் போட்டது நான்தான், அப்ப வேலைக்கு சேர்ந்து மூணு வருஷம்.

சர்வே பண்ண போன அன்னைக்கு ஒரு பெரியவர் வலை பின்னிக்கிட்டே கேட்டார், "தம்பி, இத கட்டும்போது எனக்கு கல்யாணம் ஆகி ஒரு வருஷம். இப்ப பேரன் பள்ளிக்கூடம் போறான். நீங்க கட்டுறது எம்பேரன் கல்யாணத்துக்கு இருக்குமா?" நான் சிரிச்சிட்டு "இருக்கும்யா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இன்னைக்கு நான் எழுதுறது அந்த கேள்விய பத்திதான்.

ஆபீஸ்ல ரெண்டு ஆப்ஷன் இருந்துச்சு. கணக்கு எளிமையா இருக்கட்டும்னு எல்லாத்தையும் வட்டமா சொல்றேன். முதலாவது சாதா கம்பி, எம்35 தர காங்கிரீட், கம்பிய வெளிய மூடுற காங்கிரீட், அதாவது கவர், 50 மில்லி. செலவு 80 லட்சம், ஆயுசு 25 வருஷம், அதுக்கப்புறம் ஒவ்வொரு 25 வருஷத்துக்கும் இடிச்சு கட்ட 90 லட்சம், பராமரிப்பு வருஷத்துக்கு ஒரு லட்சம். ரெண்டாவது அத விட வலுவான எம்40, கவர் 75 மில்லி, உப்பு சாரல் நேரா படுற இடத்துல மட்டும் ஸ்டெயின்லெஸ் கம்பி. செலவு 110 லட்சம், ஆயுசு 50 வருஷம், மறுபடி கட்ட 120 லட்சம், பராமரிப்பு அரை லட்சம்.

25 வருஷத்து பாலத்தையும் 50 வருஷத்து பாலத்தையும் அப்படியே பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்க முடியாது. அந்த ஊருக்கு பாலம் 25 வருஷத்துக்கு மட்டும் போதும்னு யாரும் சொல்லல, ஊர் இருக்கிற வரைக்கும் வேணும். அதனால ரெண்டையும் "எப்பவும் கட்டிக்கிட்டே இருக்கிறது"ன்னு வச்சு, அதுக்கு இன்னைக்கே எவ்வளவு பணம் ஒதுக்கணும்னு பாக்கணும், அந்த தொகைதான் மூலதனமாக்கிய செலவு.

இது நம்ம ஊர் ஆளுக்கு புதுசு இல்ல. கோயிலுக்கு கட்டளை எழுதி வைக்கிறாங்கல்ல, அதேதான். முதல தொடாம வட்டில வருஷா வருஷம் விளக்கெரியும். வருஷச் செலவா இருந்தா கணக்கு லேசு, வருஷம் ஒரு லட்சம் வேணும், வட்டி 6 சதவீதம்னா 16.67 லட்சம் போட்டா போதும். ஆனா கும்பாபிஷேகம் மாதிரி பன்னெண்டு வருஷத்துக்கு ஒருதடவை வர்ற செலவுக்கு? அப்ப முதல போட்டு பன்னெண்டு வருஷம் கை வைக்காம விட்டு, வளந்த பணத்துல செலவ எடுத்த பிறகு மறுபடி அதே முதல் மிஞ்சணும். பாலத்துக்கும் அப்படியே:

```
மொத்தம் = P + R/((1+i)^n - 1) + A/i
```

`P` முதல் தடவை கட்டுற செலவு, `R` ஒவ்வொரு தடவையும் மறுபடி கட்டுற செலவு, `n` எத்தனை வருஷத்துக்கு ஒருதடவை, `A` வருஷ பராமரிப்பு, `i` வட்டி. முதல் ஆப்ஷனுக்கு 6 சதவீதத்துல எக்செல்ல `=90/((1+0.06)^25-1)`னு அடிச்சா 27.34 வரும். சரியான்னு திருப்பி பாருங்க, 27.34 லட்சம் 25 வருஷத்துல 4.29 மடங்காகி 117.34 ஆகும், 90 எடுத்து பாலம் கட்டினா மிச்சம் அதே 27.34, அடுத்த 25 வருஷத்துக்கு அது மறுபடி வேலைய ஆரம்பிக்கும். இந்த திருப்பி பாக்குற பழக்கத்த விட்டுடாதீங்க, ஏன்னா நிறைய பேர் முதல் தடவை கட்டுற காசையும் இந்த சுழற்சிக்குள்ள போட்டு ரெண்டு தடவை எண்ணிடுறாங்க. முதல் பாலம் `P`-ல போயிருச்சு, `R` ஆரம்பிக்கிறது 25-வது வருஷம்.

6 சதவீதத்துல முதல் ஆப்ஷன் 80 + 27.34 + 16.67, அதாவது 124 லட்சம். ரெண்டாவது 110 + 6.89 + 8.33, அதாவது 125 லட்சம். கிட்டத்தட்ட சமம். ஆனா அன்னைக்கு நான் போட்டது 6 இல்ல, 10. கடனுக்கு வாங்குற வட்டி 10-ன்னு மேல இருந்து சொன்னாங்க, நானும் அப்படியே போட்டேன். 10-ல முதலாவது 99 லட்சம், ரெண்டாவது 116. பேச்சே இல்லாம சாதா கம்பி பாலம் பாஸ் ஆயிருச்சு.

இதுல எங்க தப்புன்னு எனக்கு புரிய ரொம்ப வருஷம் ஆச்சு. 25 வருஷம் கழிச்சு கட்டுற பாலத்துக்கும் நான் இன்னைக்கு விலைதான் போட்டிருக்கேன், 90 லட்சம்னு. சிமெண்டு, கம்பி, கூலி ஏறுறத கணக்குல எடுக்கல. ஆனா வட்டி மட்டும் விலைவாசி ஏத்தத்தையும் உள்ள வச்ச வட்டி. செலவுல விலைவாசிய விட்டுட்டு வட்டில மட்டும் சேத்துக்கிட்டா பின்னாடி வர்ற செலவு எல்லாம் ஒண்ணுமில்லாம சுருங்கிடும். இன்னைக்கு விலைல கணக்கு போட்டா வட்டிலயும் விலைவாசிய கழிச்சிரணும், இல்லன்னா ரெண்டுலயும் சேக்கணும். கழிச்சு 4-ன்னு போட்டா முதலாவது 159, ரெண்டாவது 142, முடிவு அப்படியே தலைகீழ்.

சரி, வட்டி ஒரு பக்கம். பாலம் 2011-ல திறந்துச்சு. 2023-ல வேற வேலையா அந்த பக்கம் போனப்ப பாலத்துக்கு அடில எறங்கி பாத்தேன். ஸ்லாப் அடில கம்பி போற வாக்குலயே நேர் கோடா பழுப்பு கறை, பக்கத்துல மயிரிழை விரிசல். சுத்தியலால தட்டினா நல்ல இடத்துல கணீர்னு கேக்குது, கறை இருக்கிற இடத்துல பொத்துன்னு கேக்குது. துருப்பிடிச்ச கம்பி பழைய அளவ விட பல மடங்கு இடம் கேக்கும், அதனால காங்கிரீட்ட உள்ள இருந்து தள்ளி பெயர்த்துரும். கை வச்சு பெயர்த்தா ஒரு சில்லு கையோட வந்துச்சு. டேப் வச்சு அளந்தேன், 38, 41, 39. கவர் 50 இருக்க வேண்டிய இடம் அது. சில்லு விழுந்த பள்ளத்துல, கவர் அளவுக்கு கம்பிய தூக்கி நிறுத்த வைக்கிற கவர் பிளாக்குக்கு பதிலா ஒரு ஜல்லிக்கல்லு கம்பிக்கு அடில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பிளாக் தீந்து போயிருக்கும், மேஸ்திரி கைக்கு கிடைச்சத வச்சு முட்டு குடுத்திருப்பார். காங்கிரீட் போட்ட அன்னைக்கு நான் அங்கதான் நின்னேன், மேல இருந்து பாத்தேன், கம்பிக்கு அடில குனிஞ்சு பாக்கல.

11 மில்லி. இதுல என்னன்னு தோணும். உப்பு காங்கிரீட்டுக்குள்ள நடந்து கம்பிய தொட எடுக்கிற காலம் தோராயமா கவரோட வர்க்கத்துல போகும். 50-க்கு பதிலா 39 இருந்தா 0.78, அத அதாலயே பெருக்கினா 0.61. அதாவது 25 வருஷம்னு நெனச்சது 15 வருஷம். துரு ஆரம்பிக்கிறதுக்குத்தான் இந்த கணக்கு, பாலம் மொத்தமா போறதுக்கு இல்ல, க்யூரிங் பண்ண தண்ணி எப்படி, காங்கிரீட் எவ்வளவு இறுக்கம்னு எல்லாம் சேந்துதான் ஆயுசு. இருந்தாலும் நான் கண்ணால பாத்ததுக்கும் இந்த 15-க்கும் பெருசா வித்தியாசம் இல்ல.

அந்த ராத்திரி வீட்டுக்கு வந்து `n`-ல 25-ஐ எடுத்துட்டு 15 போட்டேன், வட்டி அதே 6. 27.34 இருந்த இடத்துல 64.44 வந்துச்சு. மொத்தம் 161 லட்சம். ஒரு ஜல்லிக்கல்லுக்கு விலை 37 லட்சம். அப்புறம் அதே 11 மில்லி தப்ப ரெண்டாவது ஆப்ஷன்லயும் வச்சு பாத்தேன், கவர் 75-க்கு 64, ஆயுசு 50-ல இருந்து 36-ஆ குறையும். மொத்தம் 125-ல இருந்து 135. பத்து லட்சம்தான் ஏறுது. அதே மேஸ்திரி, அதே கவனக்குறைவு, ஒண்ணுல 37 லட்சம், இன்னொண்ணுல 10. எஸ்டிமேட் போடும்போது இத யாரும் என்கிட்ட கேக்கல, நானும் கேட்டுக்கல. கடற்கரையில சைட்ல தப்பு நடக்கும்னு வச்சுக்கிட்டே ரெண்டு ஆப்ஷனையும் பாக்கணும்.

"எப்பவும்"னு சொன்னா மீட்டிங்ல யாராவது ஒருத்தர் "இருநூறு வருஷம் கழிச்சு அங்க ஊரே இருக்குமோ என்னவோ"ன்னு சொல்லுவார். நியாயமான பேச்சுதான், 1964 புயல்ல தனுஷ்கோடி போனத பாத்த மாவட்டம் இது. ஆனா அந்த 27.34 எதுல இருந்து வருதுன்னு பிரிச்சா, முதல் தடவை மறுபடி கட்டுறதுக்கு 20.97, ரெண்டாவது தடவைக்கு 4.89, மூணாவதுக்கு ஒண்ணு சொச்சம். நாலுல மூணு பங்குக்கு மேல முதல் பாலம் எப்ப சாகுதுங்கிறதுலயே முடிஞ்சு போகுது. இருநூறு வருஷத்த பத்தி சண்டை போட வேண்டியதில்ல, முதல் பாலத்தோட ஆயுச சரியா புடிச்சா போதும்.

இன்னொருத்தர் பாம்பன் பாலத்த சொல்லுவார். 1914-ல திறந்தது நூறு வருஷத்துக்கு மேல ஓடலையான்னு. ஓடுச்சு, ஆனா அந்த கணக்குல `A` எவ்வளவு பெருசுன்னு பாக்கணும், பெயிண்ட் அடிக்கிற வேலை நிக்காம நடந்துக்கிட்டே இருந்த பாலம் அது. 64 புயல்ல கர்டர்ல முக்காவாசிக்கு மேல கடலுக்குள்ள போய் திரும்ப தூக்கி வச்சாங்க. கடைசில பக்கத்துலயே புதுசு கட்டி 2025 ஏப்ரல்ல திறந்தாங்க. நம்ம ஓடை பாலத்துக்கு அந்த மாதிரி வருஷா வருஷம் ஆள் போட யாரு பணம் குடுப்பா? வருஷம் ஒரு லட்சம்னு நான் எழுதினதே பாதி வருஷம் வரல.

ஒண்ணு மட்டும் இன்னும் உறுத்துது. இடிச்சு கட்டுற எட்டு மாசம் ஊர்க்காரங்க ஏழு கிலோமீட்டர் சுத்தி போகணும். ஒரு நாளைக்கு 40 ட்ரிப் ஆட்டோ, ட்ரிப்புக்கு 60 ரூபாய் கூடன்னு வச்சாலே 5.76 லட்சம். எங்க புத்தகத்துல அது ஏறாது, நண்டு விக்கிற அக்கா கையில இருந்துதான் போகும். ஒவ்வொரு சுழற்சிலயும் போகும், 15 வருஷத்துக்கு ஒருதடவை இடிச்சா ரொம்ப சீக்கிரம் சீக்கிரமா போகும். இப்ப நான் `R`-ல அதையும் சேத்துதான் எழுதுறேன். ஒருதடவை கேள்வி வந்துச்சு, இது அரசாங்க செலவு இல்லையேன்னு. ஊர் செலவு சார்னு சொன்னேன், விட்டுட்டாங்க.

போன வருஷம் இதே கரையில தெக்க இன்னொரு ஓடைக்கு எஸ்டிமேட் போட்டோம். ஷீட்ல வட்டி 4, 6, 8-ன்னு மூணு, ஆயுசும் நெனச்சது ஒண்ணு, கவர் 10 மில்லி குறைஞ்சா வர்றது ஒண்ணு. 75 மில்லி கவர் ஆப்ஷன் பாஸ் ஆச்சு. சென்ட்ரிங் மேல கம்பி கட்டி முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் டார்ச் எடுத்துக்கிட்டு கம்பிக்கு அடில குனிஞ்சு பாத்தேன், கூட வந்த புது பையன் கிட்ட டேப்ப குடுத்து ஒவ்வொரு பிளாக்கா அளந்து சத்தமா சொல்ல சொன்னேன். 75, 75, 74, 75, அப்புறம் ஒரு இடத்துல 60. கம்பி கட்டுறவர கூப்பிட்டு அந்த பிளாக்க மாத்தின பிறகுதான் காலைல காங்கிரீட்டுக்கு வண்டி வர சொன்னோம்.