பேதி நிற்கும் முன்பே பருப்புச் சோறு

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு பிள்ளைக்கு வாந்தியும் பேதியும் என்று தெரிந்துவிட்டால், பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் பிரெட், ரஸ்க், வாழைப்பழம் இல்லாமல் வரமாட்டார்கள். வீட்டில் சோறு, பருப்பு, நெய், பால் எல்லாவற்றுக்கும் தடை விழும். அமெரிக்காவில் ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பு வாழைப்பழம், சோறு, ஆப்பிள் மசியல், டோஸ்ட் என்று ஒரு பத்தியம் பரவியது. அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களே இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. நம் ஊர்ப் பத்தியமும் ஏறக்குறைய அதே ஜாதிதான், அதிலிருந்த சோறு மட்டும் இல்லை.

என் மகளுக்கு நான்கு வயது, எடை 14 கிலோ. ஊர் நோம்பி முடிந்த இரவு வாந்தி ஆரம்பித்தது, விடிவதற்குள் தண்ணீராகப் போக ஆரம்பித்துவிட்டது. காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். உடனே பழையபடி ஆகாமல் மெதுவாகப் படிந்தது. கண் கொஞ்சம் உள்வாங்கி இருந்தது, தண்ணீரைக் காட்டினால் பாய்ந்து குடித்தாள். மலத்தில் ரத்தம் இருந்ததா, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள் என்று கேட்டார். நீர் வற்றியிருக்கிறது, ஆனால் வாயால் குடிக்கிறாள், அதனால் டிரிப்ஸ் வேண்டாம் என்றார். சோர்ந்து கிடந்து, குடிக்கவே முடியாமல், கிள்ளிய தோல் இரண்டு விநாடிக்கு மேலும் அப்படியே நின்றிருந்தால் பேச்சே வேறு, உடனே ஊசி வழி நீர்தான் என்றும் சொன்னார்.

வற்றிய நீரை ஈடுகட்டக் கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் உள்ளே போக வேண்டும். 14 கிலோவுக்கு 1,050 மில்லி. ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்தால் ஏறக்குறைய அதே அளவு. பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்குவது கூடாது. உப்பு அதிகமானால் ஆபத்து, குறைந்தால் பயன் இல்லை.

டம்ளரில் கொடுத்தால் மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே கக்கிவிடுவாள் என்பதால், 5 மில்லி ஸ்பூனில் நிமிஷத்துக்கு ஒன்று என்றார். கேட்கும்போது இதெல்லாம் எங்கே போதும் என்று தோன்றியது. கணக்குப் பார்த்தால் மணிக்கு 300 மில்லி, மூன்றரை மணி நேரத்தில் முழு அளவும் முடிந்துவிடும். இடையில் ஒருமுறை வாந்தி எடுத்தாள். பத்து நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவாக மறுபடி தொடங்கினோம். கை வலித்தது, நானும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி ஊட்டினோம். மத்தியானம் அவள் ஒன்றுக்குப் போனபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நீர் ஏறிவிட்டது, இனி வீட்டில் சாப்பிடுகிற சோற்றையே கொடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதை என் அத்தையால் ஏற்கவே முடியவில்லை. அவரும் எங்களோடுதான் வந்திருந்தார்.

“இன்னும் தண்ணியாத்தான் போகுதுங்க. புண்ணுப்பட்ட வயித்துல சோத்தப் போடலாமுங்களா?”

“போடாமத்தானுங்க புண்ணு ஆறாம இருக்கு,” என்றார் டாக்டரம்மா.

அவர் விளக்கியது இதுதான். கிருமி தாக்கும்போது சிறுகுடலின் உள்பக்க உறையில் இருக்கிற செல்கள் உதிர்கின்றன. அவை மறுபடி வளர உணவு வேண்டும், அந்த உணவின் ஒரு பகுதியைக் குடலுக்குள் வருகிற சாப்பாட்டிலிருந்தே அவை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. பட்டினி போட்டால் ஆறுவதும் தள்ளிப்போகும். பேதி போய்க்கொண்டிருக்கும்போதும் சாப்பிட்டதில் பாதிக்கு மேல் உடம்பில் சேரத்தான் செய்கிறது. அதனால் பேதி நின்ற பிறகு சோறு என்று காத்திருக்கத் தேவையில்லை. நீர் ஏறியதும், அதாவது முதல் நான்கு மணி நேரம் முடிந்ததுமே தொடங்கலாம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தையாக இருந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கிற நேரத்திலும் பாலை நிறுத்தக் கூடாது.

பிரெட்டும் பழமும் கெட்டவை அல்ல. பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது, பேதியில் போவதும் அதுதான். அவற்றை மட்டுமே கொடுப்பதுதான் தப்பு. நான்கு துண்டு பிரெட்டும் இரண்டு சின்னப் பழமும் ஐந்நூறு கலோரிக்குப் பக்கத்தில் நிற்கும். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல் வேண்டும். கொழுப்பு அதில் பேருக்குத்தான் இருக்கும், புரதமும் போதாது. நான்கைந்து நாள் அப்படியே ஓட்டினால் பிள்ளை இளைத்துவிடும், அதையும் நாம் பேதியின் கணக்கில் எழுதிவிடுவோம்.

சாயங்காலம் அரிசிம்பருப்புச் சோற்றை மிளகாய் இல்லாமல் குழைய வைத்து, ஒரு சின்ன ஸ்பூன் நெய் விட்டு ஊட்டினேன். நாலு வாய் சாப்பிட்டாள். வற்புறுத்தவில்லை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். மறுநாள் இட்லி, தயிர்ச் சோறு, வேகவைத்த முட்டை. ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 100 முதல் 200 மில்லி வரை ஓ.ஆர்.எஸ். தொடர்ந்தது. இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் இதில் பாதி போதும்.

அன்றைக்கு ஒரு சொந்தக்காரர் டப்பா ஆப்பிள் ஜூஸ் வாங்கி வந்து, தெம்புக்கு என்று அரை டம்ளர் கொடுத்துவிட்டார். சற்று நேரத்தில் முன்பைவிட அதிகமாகத் தண்ணீராகப் போனாள். அத்தை உடனே என் முட்டையைப் பார்த்தார்! ஜூஸில் சர்க்கரை அடர்த்தியாக இருப்பதால் அது குடலுக்குள் தண்ணீரை இழுக்கிறது. சோடா, குளுக்கோஸ் தண்ணீர் எல்லாம் இதே கதைதான். ஓ.ஆர்.எஸ்ஸில் சர்க்கரை அளவோடு, உப்போடு சேர்ந்து இருப்பதால்தான் அது நீரைக் குடலிலிருந்து உள்ளே எடுத்துச் செல்கிறது. ஜூஸை நிறுத்தினோம், முட்டையை நிறுத்தவில்லை, இரவுக்குள் போக்கு குறைந்தது.

பாலுக்கும் தடை போடவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளும், தண்ணீர் கலந்து கொடுக்கவும் வேண்டாம். சிலருக்கு மட்டும் பால் குடித்த ஒவ்வொரு முறையும் போக்கு கூடி, வயிறு உப்பி, ஆசனவாயைச் சுற்றிப் புண்ணாகும். பாலில் இருக்கிற லாக்டோஸைச் செரிக்கும் நொதி உதிர்ந்த செல்களோடு போய்விடுவதால் அப்படி ஆகிறது. அப்போது டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொஞ்ச நாள் பாலைக் குறைத்துத் தயிர் கொடுக்கலாம்.

கிளம்பும்போது 20 மி.கி. துத்தநாக மாத்திரை கொடுத்திருந்தார்கள். பேதி நின்றாலும் 14 நாள் முழுக்க, தினம் ஒன்றை ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 10 மி.கி. பேதியை நிறுத்துகிற மாத்திரையைப் பிள்ளைகளுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கவே கூடாது என்றார். ரத்தம் தெரிந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுக்குப் போகாமல் துவண்டாலோ ராத்திரி என்று பார்க்காமல் தூக்கி வரச் சொன்னார்.

அப்புறம் இன்னொன்று சொன்னார்: குணமான பிறகு இரண்டு வாரத்துக்கு வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகச் சாப்பாடு. அந்த வேளை எங்கள் வீட்டில் சந்தகையும் தேங்காய்ப் பாலும் ஆனது, பிசைவது அத்தையின் வேலை.