வடம் பிடித்தவர்கள் மேல் விழுந்த கருப்பு

“தம்பி, உங்க கருப்பு எப்பவும் ஜனங்க மேலதான் விழுது. தேர் மேல விழறதே இல்லை.”

அண்ணன் எங்களுக்குப் படம் எடுத்து அனுப்பும் புகைப்படக்காரர். நான் அந்தப் படங்களின் மேல் தலைப்பை எழுதி, சமூக வலைத்தளங்களில் போடும் செய்திக் கார்டு செய்கிறவன். எழுத்து தெரிவதற்காகப் படத்தில் நான் பூசும் கருப்பைத்தான் அவர் சொன்னார். இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டு அன்றே மறந்திருப்பேன். சாதாரணமாக, அடுத்த படத்தை எப்போது அனுப்பட்டும் என்று கேட்கிற குரலில் சொன்னார். நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: “தலைப்பு படிக்கணும்ல அண்ணே.” அவர் “அதுவும் சரிதான்” என்று வைத்துவிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த “அதுவும் சரிதான்” மட்டும் இன்னும் உறுத்துகிறது.

படம் திருவாரூர் ஆழித் தேர். 96 அடித் தேர் ஃபிரேமின் மேல்பாதியை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறது. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகத் தேர்ச்சீலைகள், உச்சியில் கலசம், அதற்கு மேல் ஒரு விரற்கடை வானம். கீழ்ப்பாதியில் வடம். வடத்தின் இரு பக்கமும் ஆட்கள், முகமெல்லாம் கேமராவைப் பார்த்து. அண்ணன் தரையோடு குனிந்து எடுத்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரியும். முன்வரிசையில் ஒரு கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறார், பக்கத்தில் ஒரு பையன் சிரிக்கிறான்.

டெஸ்கிலிருந்து வந்த தலைப்பு: “அசைந்தது ஆழித் தேர், வடம் பிடித்த பல்லாயிரம் கைகள்!” மூன்று வரி. அந்தக் கைகளின் மேல்தான் நான் கருப்பைப் பூசினேன். அப்போது இது எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். கார்டு 1080க்கு 1350 பிக்சல். தலைப்பு வெள்ளை எழுத்து, 84 பிக்சல். டபிள்யூ.சி.ஏ.ஜி. என்கிற இணைய அணுகல் விதிமுறை, பெரிய எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்சத்தில் குறைந்தது 3க்கு 1 வேறுபாடு கேட்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5க்கு 1. 84 பிக்சல் பெரிய எழுத்துதானே என்று தோன்றும். ஆனால் கார்டின் 1080 பிக்சல் அகலம் போனில் ஏழு சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது, புரொஃபைல் பக்கத்தில் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. அதனால் நான் எப்போதும் 4.5ஐத்தான் பிடித்துக்கொள்வேன்.

கணக்கைப் படத்தின் சராசரி வெளிச்சத்துக்குப் போடக்கூடாது, எழுத்துக்கு அடியில் வரக்கூடிய மிக வெளுத்த இடத்துக்குப் போட வேண்டும். இந்தப் படத்தில் அது வேட்டி. காலை வெயிலில் வேட்டி கிட்டத்தட்ட சுத்த வெள்ளை, 0 முதல் 255 வரை போகும் அளவில் 255. அதன் மேல் கருப்பு ஓவர்லே, அதாவது அடியில் இருப்பது தெரியும்படியான கருப்புப் பூச்சு, 42 சதவீதம் போட்டால் 148க்கு இறங்கும், வெள்ளை எழுத்துக்கு 3க்கு 1 கிடைக்கும். 4.5 வேண்டுமென்றால் 54 சதவீதம் தேவை. நான் 60 வைத்தேன். பாதுகாப்புக்காக என்று அப்போது நினைத்தேன், பழக்கத்தால் என்று இப்போது நினைக்கிறேன்.

சரி, கருப்பு போட்டாயிற்று, எண் வந்துவிட்டது. ஆனால் படிக்க முடியவில்லை. இதைத்தான் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கஷ்டம். அந்த விகிதம் இரண்டு நிறங்களுக்கு இடையிலான தூரத்தை மட்டும் அளக்கிறது. பின்னணி எவ்வளவு இரைச்சலாக இருக்கிறது என்பது அதில் வராது. கூட்டத்தில் ஒரு தலை கருப்பு, அடுத்து ஒரு சட்டை வெளுப்பு, மறுபடி ஒரு தலை. இந்தப் படத்தில் ஒரு முகம் ஏறக்குறைய 50 பிக்சல் அகலம், என் எழுத்தும் கிட்டத்தட்ட அதே அகலம். முகமும் எழுத்தும் ஒரே அளவில் இருந்தால் கண் இரண்டையும் பிரிக்கத் திணறும். மலையோ கடலோ இப்படித் தொந்தரவு செய்யாது.

தமிழுக்கு இன்னொரு சங்கடம் புள்ளி. 84 பிக்சல் தடித்த எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி 14 பிக்சல் இருக்கும். போனில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அது ஒரு சட்டைமேல் விழுந்தால் “தேர்” என்பது “தேர” ஆகிவிடும். தலைகீழாகவும் நடக்கும். ஓவர்லே மட்டும் போட்ட முதல் வடிவத்தில், அந்தப் பையனுடைய சிரிப்பு சரியாக “வடம்” என்ற சொல்லின் நடு எழுத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தது. பல் வரிசை மங்கலான வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. உதவி ஆசிரியர் என் தோளுக்குப் பின்னால் நின்று, “அது என்னப்பா வட்ம்?” என்றார். சிரித்தோம். பிறகு நான் படத்தைக் கலக்கி மங்கலாக்கும் பிளரைப் போட்டேன்.

பிளர் தனியாக உதவாது. பத்து வேட்டிகளைக் கலக்கினால் ஒரு பெரிய வேட்டிதான் கிடைக்கும், வெளுப்பு குறையாது. கருப்போடு சேர்த்துப் போட்டால்தான் வேலை செய்யும். கருப்பு வெளுப்பைக் குறைக்கும், பிளர் இரைச்சலைக் குறைக்கும். படத்தை இன்னொரு லேயராக நகலெடுத்து, காசியன் பிளர் 12 கொடுத்து, மேலே போகப்போகத் தெளியும்படி மாஸ்க் போட்டேன். எழுத்தின் கோட்டுத் தடிமன் 10 பிக்சல் என்றால் பிளர் அதைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்க வேண்டும், அப்போதுதான் எழுத்தோடு போட்டிபோடும் சின்னக் கோடுகள் கரையும். கரைந்தன. கூடவே கிழவரின் கடித்த பல்லும், பையனின் கண்ணும். ஒரு கண் பத்துப் பிக்சல்தானே. அந்த இடத்தில் பழுப்பும் வெள்ளையுமாகப் படலங்கள்தான் மிஞ்சின.

தலைப்பு பளிச்சென்று நின்றது. செய்தி ஆசிரியர் “சூப்பர்” என்றார். போட்டுவிட்டோம். அரைமணி நேரம் கழித்து அண்ணனின் போன்.

இதுவரைக்கும் கேட்டால் நான் செய்தது சரி என்றுதான் படும். எனக்கும் அன்று இரவுவரை அப்படித்தான் இருந்தது.

அப்புறம் ஃபைலை மறுபடி திறந்தேன். ஏன் திறந்தேன் என்று கேட்டால், அவர் “எப்பவும்” என்று சொன்னது. ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். பழைய கார்டுகளை வரிசையாகப் பார்த்தேன். மறியல், ரேஷன் கடை வரிசை, வெள்ள நிவாரணம், பிரசாரக் கூட்டம். எல்லாக் கார்டுக்கும் நாங்கள் பயன்படுத்தும் டெம்ப்ளேட்டில் கருப்பு, கீழே அடர்ந்து மேலே போகப்போகக் கரையும் கிரேடியன்டாக ஏறும். கட்டடம், மேடை, கோபுரம், கட்அவுட் எல்லாம் மேலே இருக்கும். ஆட்கள் தரையில்தான் நிற்பார்கள், கீழே இருப்பார்கள். நான் யாரையும் திட்டம்போட்டு மறைக்கவில்லை. எந்தப் படத்தைப் போட்டாலும் அந்த டெம்ப்ளேட் அதையே செய்திருக்கிறது.

அதைவிட மோசமாக ஒன்று கண்ணில் பட்டது. தலைப்பின் கடைசி வரிக்கும் கார்டின் கீழ் ஓரத்துக்கும் நடுவே 175 பிக்சல் விட்டிருந்தேன். அதில் 40 சாதாரண மார்ஜின். மீதி 135 எதற்கென்றால், இன்ஸ்டாகிராம் புரொஃபைல் பக்கத்தில் படங்கள் சதுரமாகத் தெரிந்த காலத்துக்கு. 1350 உயரத்தில் நடு 1080 மட்டும் தெரியும், மேலே 135, கீழே 135 வெட்டுப்படும். தலைப்பு வெட்டுப்படாமல் இருக்க அந்த இடத்தைக் காலியாக விட்டோம். ஆனால் 2025 ஜனவரியிலேயே அந்தப் பக்கம் 3க்கு 4 ஆகிவிட்டது. இப்போது மேலும் கீழும் வெட்டில்லை, இரண்டு பக்கமும் 34 பிக்சல் போல்தான் போகிறது. தேர் ஓடியது அதற்குப் பிறகு. நான் டெம்ப்ளேட்டை மாற்றவில்லை.

அந்த 135 இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று வரி, வரிக்கு 113 பிக்சல், ஆக 340. கீழே 175 விட்டதால் முதல் வரி மேலிருந்து 835ஆவது பிக்சலில் தொடங்கியது. முகங்கள் இருந்தது 850க்கும் 1000க்கும் நடுவில். கிரேடியன்டில் எப்போதும் முதல் வரிக்குத்தான் கருப்பு குறைவாகக் கிடைக்கும், அங்கேயே 54 வர வேண்டுமென்றால் 600லிருந்தே இருட்டத் தொடங்க வேண்டும். அதாவது பாதிப் படம். 135ஐ எடுத்துவிட்டால் முதல் வரி 970இல் தொடங்கும். தலைப்பை இரண்டு வரியாக்கியிருந்தால் 1080க்கே இறங்கியிருக்கும். அங்கே இருந்தது கால்கள், வடம், தார் ரோடு. தார் ரோட்டின் மேல் வெள்ளை எழுத்துக்கு ஓவர்லே பேருக்குப் போதும், பிளர் வேண்டவே வேண்டாம்.

இதை அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன, கார்டு போய்விட்டது. இன்னொன்றும் உண்டு. அதே கார்டைத்தான் நாங்கள் வேறு இடங்களுக்கும் பயன்படுத்துகிறோம், சில இடங்களில் இன்னும் சதுரமாக வெட்டுகிறார்கள். ஆகவே 135 முழுக்க வீண் என்றும் சொல்லிவிட முடியாது. இந்தச் சமாதானத்தை நான் கண்டுபிடித்தது மறுநாள் காலையில், குளிக்கும்போது. அது எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

தலைப்பைப் படத்துக்கு வெளியே, தனிப் பட்டையில் போட்டால் என்ன என்று செய்தி ஆசிரியரிடம் கேட்டேன். 1000 பிக்சல் படம், 350 பிக்சல் பட்டை. “கல்யாண போஸ்டர் மாதிரி இருக்குப்பா” என்றார். தேரும் கலசத்தோடு வெட்டுப்பட்டது. கலசம் இல்லாத ஆழித் தேரைப் போட்டால் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். ஆக, யாராவது ஒருவர் வெட்டுப்படத்தான் வேண்டும், கலசமா கிழவரா என்பதுதான் கேள்வி. கேள்வி வந்திருந்தால் எல்லோரும் கலசத்தைத்தான் சொல்லியிருப்போம் என்பது எனக்குத் தெரியும்.

டெம்ப்ளேட்டை மாற்றிவிட்டேன். கீழ் மார்ஜின் இப்போது 60. பக்கவாட்டில் 80. பிளர் லேயரை நீக்கிவிட்டேன், வேண்டுமென்றால் கையால் சேர்க்க வேண்டும். ஓவர்லே 45இல் தொடங்கும், வேட்டி வந்தால் ஏற்றிக்கொள்ளலாம். சில கார்டுகளில் புள்ளி காணாமல் போகிறது, டெஸ்கில் திட்டு விழுகிறது. அப்போதெல்லாம் பழைய டெம்ப்ளேட்டே நல்லது என்று தோன்றும்.

அண்ணன் இப்போது அனுப்பும் படங்களும் மாறியிருக்கின்றன. தள்ளி நின்று எடுக்கிறார். கீழே மூன்றில் ஒரு பங்கு வெறும் ரோடாக, மணலாக, தண்ணீராக விட்டுவிடுகிறார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 25 சதவீதம் கருப்பிலேயே தலைப்பு அழகாக உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தால் முகம் எதுவும் தெரிவதில்லை. போன வாரம் வந்த படத்தில் நான் ஜூம் செய்துகூடப் பார்த்தேன்.