முழங்கால் ஆபரேஷனும் ‘நார்மல்’ ஃபெரிட்டினும்

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.0 என்று வந்தது. எனக்கு வயது 64, எடை 70 கிலோ. களைப்பு இருந்தது உண்மைதான். ஆனால் இரண்டு வருடமாகக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பவனுக்குக் களைப்பு எதனால் என்று எப்படித் தெரியும்? வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

"ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திட்டா முடிஞ்சுதுப்பா, தேதியை ஏன் மாத்தணும்?" என்றான் மகன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுத்தவர் மயக்க மருந்து மருத்துவர். அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த ஆபரேஷனில் மேசையில் ரத்தம் கசிவது, பிறகு மூட்டுக்குள்ளேயே கசிவது எல்லாம் சேர்ந்து ஹீமோகுளோபின் சாதாரணமாக 3 புள்ளி வரை குறையும். 13இல் தொடங்குபவர் 10இல் நிற்பார், தானாகத் தேறிவிடுவார். 10இல் தொடங்கினால் 7. எலும்பு மூட்டு ஆபரேஷன்களில் 8க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவதைப் பற்றி யோசிப்பார்கள். "ரத்தம் ஏத்துறது தப்பில்லை சார். ஆனா அது இன்னொருத்தர் உடம்போட ஒரு பாகம். உடம்பு எதிர்ப்பு காட்டலாம், வேகமா ஏத்தினா நுரையீரல்ல நீர் கோக்கலாம். தவிர்க்க நேரம் இருக்கும்போது எதுக்கு?" என்றார். அதோடு, ரத்தம் ஏற்றினால் எண் ஏறுமே தவிர, அது ஏன் குறைந்தது என்பது தெரியாமலேயே போய்விடும்.

இந்த ‘ஏன்’ என்பதில்தான் நான் வழுக்கி விழுந்தேன். ஹீமோகுளோபின் குறைவு என்றதும் நானாகவே ஒரு பரிசோதனைக் கூடத்தில், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்திருந்தேன். 48. அவர்கள் அச்சடித்திருந்த அளவு 30இல் தொடங்கியது, அதனால் பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை. இரும்புச்சத்து சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையோடுதான் அந்தத் தாளை நீட்டினேன்.

அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு சி.ஆர்.பி.யும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் எடுக்கச் சொன்னார். சி.ஆர்.பி. 14, அதாவது உடம்பில் அழற்சி இருக்கிறது. சாச்சுரேஷன் 11 சதவீதம், 20க்கு மேல் இருக்க வேண்டியது. அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். ஃபெரிட்டின் என்பது இரும்புக் கிடங்கின் இருப்புக் கணக்கு. ஆனால் அழற்சி இருந்தால் அந்தக் கணக்கு பொய் சொல்லும், இல்லாததைக் கூட்டிக் காட்டும். சாச்சுரேஷன் என்பது ரத்தத்தில் இரும்பைச் சுமந்து ஓடும் வண்டிகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பது. என் வண்டிகளில் பத்துக்கு ஒன்பது காலியாக ஓடிக்கொண்டிருந்தன. அழற்சி உள்ளவருக்கு ஃபெரிட்டின் 100க்குக் கீழே இருந்து, சாச்சுரேஷனும் 20க்குக் கீழே என்றால் இரும்புக் குறைபாடு என்றே எடுத்துக்கொள்வார்களாம்.

சரி, இரும்பு எங்கே போனது? மூட்டு வலிக்காக டைக்ளோஃபெனாக் மாத்திரையை மாதக்கணக்கில் தினம் இரண்டு வேளை போட்டுவந்தேன், வயிற்றுக்குப் பாதுகாப்பு மாத்திரை எதுவும் இல்லாமல். "மலம் கறுப்பாப் போச்சா?" என்று கேட்டார், அந்த மாத்திரையால் இரைப்பையில் ரத்தம் கசிந்தால் அப்படிப் போகுமாம். போனது. ஆனால் ஹீமோகுளோபின் முடிவு வந்த அன்றே பயத்தில் இரும்பு மாத்திரை வாங்கிப் போட ஆரம்பித்திருந்தேன், அதுவும் மலத்தைக் கறுப்பாக்கும். அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. என் அவசரத்தால் ஒரு தடயம் அழிந்தது. எண்டோஸ்கோபியில் இரைப்பையில் சின்னப் புண் ஒன்று தெரிந்தது. கொலோனோஸ்கோபியும் செய்தார்கள். ஆண்களுக்கு இந்த வயதில் இரும்பு குறைந்தால் குடலில் கட்டி இல்லை என்று பார்க்காமல் விடக் கூடாதாம். குடல் சுத்தமாக இருந்தது. டைக்ளோஃபெனாக்கை அன்றே நிறுத்தினார்கள், ஆபரேஷனை ஆறு வாரம் தள்ளிவைத்தார்கள். பாராசிட்டமாலை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஆறு வாரம் நடந்ததை மறக்கவே முடியாது. இந்தக் கஷ்டத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம்தான்.

இரும்பை மாத்திரையாகவே தொடரலாமே என்று கேட்டேன். நேரம் இருப்பவருக்கு அதுதான் முதல் வழி, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரே வேளை போதும். ஒரு மாத்திரை போட்டதுமே கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடல் வழியாக இரும்பு நுழைகிற கதவைச் சுமார் ஒரு நாளைக்குச் சாத்திவிடுமாம். என் விஷயத்தில் அழற்சியே அந்தக் கதவைச் சாத்தி வைத்திருந்தது. போதாததற்குப் புண்ணுக்காகத் தொடங்கிய, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். அதனால் நேராக நரம்பில்.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எடையை, எட்ட வேண்டிய ஹீமோகுளோபினுக்கும் இப்போதைய ஹீமோகுளோபினுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, அதை 2.4ஆல் பெருக்கி, கிடங்குக்கு 500 கூட்ட வேண்டும். இலக்கு 15 என்று வைத்தால் எனக்கு 70 × 5 × 2.4 = 840, அதோடு 500, மொத்தம் 1340 மில்லிகிராம். இதை 1500 ஆக்கி, ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்தாக முதலில் 1000, ஒரு வாரம் கழித்து 500 கொடுத்தார்கள். சலைனில் கலந்தால் துருத் தண்ணீர் நிறம். 15 நிமிடத்தில் ஏறிவிட்டது, ஒவ்வாமை வருகிறதா என்று அப்புறம் அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஊசி இடத்தில் எரிந்தால் உடனே கூப்பிடச் சொன்னார் செவிலியர். மருந்து வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்குமாம். எனக்குக் கசியவில்லை. மறுநாள் மட்டும் உடம்பு வலி, லேசான காய்ச்சல்.

இது எல்லோருக்கும் பலிக்குமா என்று அந்த மருத்துவரையே கேட்டேன். 2020இல் வெளிவந்த பிரிவென்ட் என்ற ஆய்வைப் பற்றி ஒளிக்காமல் சொன்னார். பெரிய வயிற்று ஆபரேஷனுக்கு முன் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இப்படி இரும்பு ஏற்றிப் பார்த்தார்கள், ரத்தம் ஏற்றும் தேவை குறையவில்லை. ஆனால் அதில் சேர்த்தது ஹீமோகுளோபினை வைத்து, இரும்புக் குறைபாடு உறுதியானவர்களை மட்டும் அல்ல. "அதனாலதான் உங்க சாச்சுரேஷனைப் பார்த்த பிறகு முடிவு பண்ணேன்" என்றார்.

முதல் டோஸ் போட்டு இரண்டு வாரத்தில் 10.9. எனக்கு ஏமாற்றம், அவருக்கு இல்லை. இரும்பு உள்ளே போனாலும் எலும்பு மஜ்ஜை அணுக்களை உருவாக்கிச் சேர்க்க நாளாகும். நான்காம் வாரம் 12.3, ஆபரேஷனுக்கு முந்தின நாள் 12.9. இடையில் ஃபெரிட்டினையும் பார்த்துவிடலாம் என்று மகன் கிளம்பினான், வேண்டாம் என்றார்கள். ஏற்றிய சில வாரங்களுக்கு அது தாறுமாறாக உயர்ந்துதான் காட்டும்.

ஆபரேஷனின்போது கசிவைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் போட்டார்கள். மூன்றாம் நாள் காலை ஹீமோகுளோபின் 9.8. சரியாக 3.1 இறங்கியிருந்தது. மகன் பழைய 10.0இலிருந்து 3.1ஐக் கழித்துப் பார்த்துவிட்டு, செல்பேசியை என் பக்கம் திருப்பினான். 6.9. ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பாட்டிலும் அன்று மதியமே ரத்த வங்கிக்குத் திரும்பிப் போயின.