`K JEYASEELAN` ஏன் திரும்பி வந்தது

வெளிநாட்டு கிளையன்ட் அனுப்பும் காசை வாங்க ஒரு பேமென்ட் தளத்தில் கணக்குத் திறக்கப் போனேன். கடவுச்சீட்டை உடனே ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் வங்கி ஸ்டேட்மென்ட் மட்டும் `Name mismatch` என்று திரும்பித் திரும்பி வந்தது. அப்பா பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்று இருக்கிற மட்டக்களப்பு ஆட்கள் பலருக்கும் இது வரக்கூடியது என்பதால் எழுதுகிறேன். பெயரை மாற்றித்தான் போடுகிறேன், சிக்கல் அப்படியே என்னுடையது.

கடவுச்சீட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்குமே, மிஷின் வாசிப்பது, அதில் என் பெயர் இப்படி:

```
KANAPATHIPPILLAI<<JEYASEELAN
```

இரட்டை `<<` க்கு முன்னால் வருவதைத்தான் மிஷின் குடும்பப் பெயராக எடுக்கும். அதாவது அப்பாவின் பெயர். களுவாஞ்சிகுடியில் நான் வைத்திருக்கும் பழைய கணக்கின் ஸ்டேட்மென்டில் `K JEYASEELAN`. எழுத்துப் பிழை ஒன்றுமே இல்லை, ஆனாலும் விடவில்லை. அப்புறம் சும்மா போட்டுப் பார்ப்போம் என்று டவுனில் இருக்கும் இன்னொரு வங்கியின் ஸ்டேட்மென்டைப் போட்டேன். அதில் `KANAPATHIPILLAI JAYASEELAN`. ஒரு P இல்லை, E இருக்க வேண்டிய இடத்தில் A. பழைய லேமினேட் அடையாள அட்டையில் ஆங்கிலப் பெயர் கிடையாது, 2017 கடைசியில் வரத் தொடங்கிய புது அட்டையில்தான் உண்டு, அதனால் அந்தக் காலத்தில் கவுண்டரில் இருந்தவர் தமிழைப் பார்த்துத் தன் காதுக்குப் பட்டபடி அடித்திருக்கிறார். இரண்டு பிழையோடு இருக்கிற இது பாஸ்!

கொழும்பில் இதே சரிபார்ப்பு வேலை செய்கிற மருமகனிடம் கேட்டேன். "மாமா, மிஷின் முதலில் எல்லாத்தையும் பெரிய எழுத்தாக்கும், புள்ளியை எடுக்கும், சொல் சொல்லாகப் பிரிக்கும். முன்பின் மாறியிருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பிறகு ஒன்றை மற்றதாக மாற்ற எத்தனை எழுத்துத் திருத்தம் வேணும் என்று எண்ணும்" என்றான். சரி, நானே எண்ணிப் பார்த்தேன். கடவுச்சீட்டுப் பெயர் இடைவெளியோடு 27 இடம். இரண்டாவது வங்கியின் பெயரை அதுவாக்க 2 திருத்தம் போதும், ஆக 27 இல் 25 பொருந்துகிறது, 92 சதவீதத்துக்கு மேல். `K JEYASEELAN` ஐ அதுவாக்க 15 எழுத்துச் சேர்க்க வேண்டும், 12 தான் பொருந்துகிறது, 44 சதவீதம். எத்தனை சதவீதத்துக்கு மேல் விடுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே வைத்துக்கொள்ளும், வெளியே சொல்லமாட்டார்கள், ஆனால் 44 எங்கேயும் தேறாது.

முதலில் கோபம்தான் வந்தது, யோசித்தால் நியாயம் இருக்கிறது. P ஒன்று குறைந்தாலும் கணபதிப்பிள்ளை கணபதிப்பிள்ளைதான். வெறும் K என்றால் கந்தசாமி மகன் ஜெயசீலனும் அதுதான், கதிரவேல் மகன் ஜெயசீலனும் அதுதான், எங்கள் பக்கத்தில் இரண்டு பேரும் ஒரே வாசிகசாலைக்குப் போகிற ஆட்களாகக்கூட இருப்பார்கள். சொந்தப் பெயர் எழுத்தாகச் சுருங்கியிருந்தால் சில இடங்களில் மிஷினுக்குப் பதில் ஓர் ஆள் பார்த்து ஏற்றுக்கொள்வார்களாம். குடும்பப் பெயர் இடத்தில் ஒற்றை எழுத்து என்றால் கஷ்டம். கலியாணத்துக்குப் பிறகு அப்பா பெயருக்குப் பதில் கணவர் பெயரைப் போட்டிருக்கிற பெண்களுக்கும் மிஷின் உதவாது, அது வேறு சொல், விவாகச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுத்து ஆள் பார்க்கும்படிதான் கேட்க வேண்டும். சின்னப் பெயர்களில் இந்தக் கணக்கே ஆட்டம் காணும்: `RAJI`, `RAJU` இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே எழுத்து, ஆனால் நாலில் ஒன்று, 75 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பெயரில்தான் இவ்வளவு தாராளமும். பிறந்த திகதியில் ஒரு இலக்கம் மாறினால் அதோடு சரி.

பக்கத்து வீட்டு அண்ணர் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிக்கச் சொன்னார். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்குவது உள்ளூர் வங்கிக் கிளையில் எடுபடும். வெளிநாட்டுத் தளத்தில் தமிழ்க் கடதாசியை வாசிக்க யார் இருக்கிறார்கள்?

தளத்தில் வேலை முடிந்தாலும் களுவாஞ்சிகுடிக் கணக்கையும் திருத்தினேன். கடவுச்சீட்டுப் பிரதியும் அடையாள அட்டைப் பிரதியும் கொடுத்துப் பெயர் திருத்தும் படிவம் நிரப்பினால் போதும். ஆனால் புது ஸ்டேட்மென்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பெயரின் கடைசியைப் பாருங்கள். எனக்கு வந்தது `KANAPATHIPPILLAI JEYASEE`, அச்சில் இடம் போதாமல் வெட்டிவிட்டது. முழுப்பெயர், கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் மூன்றும் போட்டு வங்கியின் கடிதத்தாளில் ஒரு கடிதம் கேட்டேன், முத்திரை குத்தித் தந்தார்கள்.